பலாக்கொட்டையைச் சாப்பிடலாமா? ஏன் வேக வைத்துத்தான் சாப்பிட வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலாக்கொட்டையைச் சாப்பிடலாமா, இல்லை தூக்கி எறிய வேண்டியதுதானா?

தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் வேக வைத்தோ சுட்டோ வறுத்தோதான். ஒரு பழத்தில் 100 முதல் 500 கொட்டை வரை இருக்கும். அத்தனையையும் குப்பையில் போட்டால் பழத்தின் நல்ல உணவில் ஒரு பெரும்பகுதி வீணாகிறது. கொட்டையில் முக்கியமாக இருப்பது மாவுச்சத்து. அதோடு கொஞ்சம் புரதமும் நார்ச்சத்தும் உண்டு, கொழுப்பு மிகக் குறைவு. அதனால் இதை முந்திரி, பாதாம் வரிசையில் வைக்காமல் கிழங்கு வரிசையில் வைத்துப் பார்ப்பதே சரி. பச்சைக் கிழங்கை யாரும் கடித்துத் தின்பதில்லை, இதையும் அப்படித்தான் நினைக்க வேண்டும்.

பச்சையாகத் தின்றால் அப்படி என்ன ஆகும்?

ஒன்றிரண்டைக் கடித்துப் பார்த்ததால் யாருக்கும் ஆபத்து வந்துவிடாது. ஆனால் ஒரு கைப்பிடி தின்றால் வயிறு உப்பும், வாயு சேரும், வலிக்கும். சிலருக்கு வயிற்றுப்போக்கும் ஆகும். காரணம் ஒன்றல்ல, மூன்று. மூன்றையுமே சூடு சரி செய்கிறது.

முதலாவது டிரிப்சின் தடுப்பான். நாம் சாப்பிடும் புரதத்தை வெட்டித் துண்டாக்க நம் கணையம் டிரிப்சின் என்ற நொதியைச் சுரக்கிறது. பலாக்கொட்டையில் உள்ள ஒரு வகைப் புரதம் இந்த டிரிப்சினில் போய் ஒட்டிக்கொண்டு அதை வேலை செய்ய விடாது. கொட்டையைப் பூச்சியும் பிராணிகளும் தின்று தீர்க்காமல் இருக்க மரம் வைத்துக்கொண்ட பாதுகாப்பு இது. அந்தப் பூச்சிக்கு நேர்வது நமக்கும் நேர்கிறது. புரதம் சரியாகச் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது.

இரண்டாவது லெக்டின். பலாக்கொட்டையின் லெக்டினுக்கு ஜாகலின் என்று பெயர். கொட்டையை அரைத்துச் சாறு எடுத்தால் அதில் வரும் புரதத்தில் பாதிக்கு மேல் இந்த ஒன்றுதான். குறிப்பிட்ட சர்க்கரை மூலக்கூறுகள் எங்கே இருந்தாலும் அவற்றைப் பற்றிக்கொள்வது இதன் குணம். அந்தப் பிடிப்பு எவ்வளவு நம்பகமானது என்றால், மனித ரத்தத்திலிருந்து இம்யூனோகுளோபுலின் ஏ என்ற எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்க ஆய்வுக்கூடங்களில் ஜாகலினைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் அது உதவியான குணம். குடலின் உட்சுவரிலும் அப்படிப்பட்ட சர்க்கரைகள் நிறைய உண்டு என்பதால் வயிற்றுக்குள் அதே குணத்தை நாம் விரும்ப மாட்டோம்.

மூன்றாவது மாவுச்சத்து. பச்சைக் கொட்டையில் மாவுச்சத்து இறுக்கமான சின்னச் சின்ன மணிகளாக இருக்கிறது. நம் செரிமான நொதிகளால் அந்த மணிகளுக்குள் எளிதில் நுழைய முடியாது. செரிக்காத மாவைப் பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் எடுத்துக்கொண்டு புளிக்க வைக்கின்றன. வயிறு உப்புவதும் வாயுவும் பெரும்பாலும் இதனால்தான்.

அப்படியானால் இது விஷமா?

விஷம் என்று சொன்னால் அது மிகைதான். பச்சை ராஜ்மாவில் உள்ள லெக்டின் ஒருவருக்குச் சில மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியும் பேதியும் உண்டாக்கிவிடும், அதற்கு நாலைந்து பயறே போதும் என்று எச்சரிக்கிறார்கள். பலாக்கொட்டைக்கு அப்படிப்பட்ட பெயர் இல்லை. ஆனால் இரண்டிலும் பிரச்சினையின் அடிப்படை ஒன்றுதான்: செரிமானத்தோடு மோதும் புரதங்கள். புரதம் என்பதுதான் இதில் நல்ல செய்தியும். உலோகமாகவோ உப்பாகவோ இருந்தால் எவ்வளவு கொதித்தாலும் அப்படியே இருக்கும். புரதம் அப்படியல்ல. அது குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்திருப்பதால்தான் வேலை செய்கிறது. போதிய சூடு பட்டால் மடிப்பு குலைந்துவிடும், அதன்பின் அதனால் எதையும் பற்றவோ தடுக்கவோ முடியாது. சாதாரணப் புரதமாக அதுவும் செரித்துவிடும்.

எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்?

கொட்டையின் மாவு மணிகள் நீரை உறிஞ்சி உப்பி உடைவது சுமார் 80 டிகிரி செல்சியஸ் வாக்கில். அந்தச் சூடு கொட்டையின் நடுப்பகுதி வரை போய்ச் சேர்ந்து, அங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். வெளிப்புறம் வெந்தால் போதாது. புரதங்கள் முழுதாகக் குலைவதற்கும் அந்த நேரம் தேவை. நன்றாகக் கொதிக்கும் தண்ணீரில் 20 முதல் 30 நிமிடம் வைத்தால் புதிய கொட்டை வெந்துவிடும். எடுத்து வைத்து வாரக்கணக்கில் ஆகி, உள்ளே காய்ந்து இறுகிய கொட்டைக்கு 40 நிமிடம்கூட ஆகலாம். குக்கரில் மூன்று நான்கு விசில் விட்டு, ஆவி தானாக அடங்கும் வரை மூடியைத் திறக்காமல் வையுங்கள். ஆவி அடங்கும் அந்த நேரமும் வேகும் நேரம்தான்.

மலைப்பகுதியில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் வேக வைத்தால் நேரம் கூடும், அங்கே குக்கர்தான் வசதி.

குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வைக்கும் மின்சாரப் பானைகளில் பச்சைக் கொட்டையை நேராகப் போடாதீர்கள். சில பானைகளின் குறைந்த நிலையில் உள்ளே இருப்பது கொதிநிலைக்குப் போகாமலே நின்றுவிடும். கொட்டை மெத்தென்று ஆகியிருக்கும், ஆனால் அந்தச் சூடு உள்ளிருக்கும் புரதங்களுக்குப் போதுமானதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. முதலில் தனியாகக் கொதிக்க வைத்துவிட்டு அப்புறம் அதில் சேர்த்தால் இந்தக் கவலையே இல்லை.

அரை கிலோ கொட்டை கையில் இருக்கிறது. முதல் தடவை செய்கிறேன். படிப்படியாகச் சொல்லுங்களேன்.

சரி. சுளையிலிருந்து எடுத்த கொட்டையின் மேல் வழுவழுப்பான ஒரு சவ்வு இருக்கும். அதைத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி எடுங்கள். அதற்குக் கீழே இருப்பது வெள்ளையாக, பிளாஸ்டிக் போல விறைப்பான தோல். இதைச் சாப்பிட முடியாது, எவ்வளவு வேக வைத்தாலும் மென்மையாகாது. ஈரமாக இருக்கும்போது உரிக்கச் சிரமமாக இருந்தால், கழுவிய கொட்டைகளை ஒரு நாள் காற்றாட விடுங்கள். தோல் சுருங்கி, உள்ளிருக்கும் பருப்பிலிருந்து விட்டுப்போகும். நகத்தாலேயே உரித்துவிடலாம். இல்லாவிட்டால் அப்படியே வேக வைத்துவிட்டு அப்புறமும் உரிக்கலாம், ஆனால் அப்போது கத்தியால் ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பழுப்புநிறத் தோல். பருப்போடு ஒட்டிய மெல்லிய தோல் இது, சாப்பிடலாம். துவர்ப்பு கொஞ்சம் இதில்தான் இருக்கிறது. எனக்கு அந்தத் துவர்ப்பு பிடிக்கும், நார்ச்சத்தும் இருக்கிறது என்பதால் விட்டுவிடுவேன். பிடிக்காதவர்கள் வெந்தபின் தேய்த்து எடுத்துவிடலாம். இந்தத் தோல் இருந்தால் வேக வைத்த தண்ணீர் பழுப்பாகும், இரும்புப் பாத்திரமாக இருந்தால் கறுக்கும். துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்வதால் வரும் நிறம்தான் அது. கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை.

இப்போது உரித்த கொட்டைகளை ஒரு தட்டில் பரப்பிப் பாருங்கள். 3 கிராம் எடையில் ஒன்றும், அதைப்போல மூன்று மடங்கு எடையில் இன்னொன்றும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். முதல் தடவை செய்பவர்களுக்குத் தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, கையில் கிடைத்த சின்னக் கொட்டையை எடுத்து நசுக்கிப் பார்த்து, வெந்துவிட்டது என்று அடுப்பை அணைத்துவிடுவார்கள். பெரியவற்றின் நடு பச்சையாகவே இருக்கும். அதனால் பெரிய கொட்டைகளை நீளவாக்கில் இரண்டாக வெட்டிவிடுங்கள். பருப்பு இயல்பாகவே இரண்டு பாதிகளால் ஆனது, அந்தக் கோட்டோடு கத்தி வைத்தால் சுலபமாகப் பிளக்கும். சூடு போக வேண்டிய தூரம் பாதியாகிவிடும்.

அகலமான பாத்திரத்தில் கொட்டைகளைப் போட்டு, அவற்றுக்கு மேல் இரண்டு விரல் உயரம் நிற்கும்படி தண்ணீர் ஊற்றுங்கள். உப்பு இப்போதே போடலாம். புளிப்பான எதையும் இப்போது சேர்க்காதீர்கள். புளிப்பு இருந்தால் கொட்டையின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பொருள் கரையாமல் நிற்கும், ஒரு மணி நேரம் கொதித்தாலும் கடிக்கக் கடினமாக இருக்கும். தண்ணீர் கொதித்த பிறகு நேரத்தைக் கணக்கிடத் தொடங்குங்கள். கொதி அடங்காத அளவுக்குத் தீயை வைத்து மூடிவிடுங்கள்.

20-வது நிமிடத்தில், வெட்டாமல் விட்டவற்றில் பெரியது எதுவோ அதைத் தேடி எடுங்கள். குறுக்கே வெட்டி உள்ளே பாருங்கள். வெந்த கொட்டை ஓரம் முதல் நடு வரை ஒரே நிறமாக, லேசான மஞ்சள் கலந்த வெள்ளையாக இருக்கும். விரலால் அழுத்தினால் மாவாக உதிரும். வேகாத கொட்டையில் நடுவே சுண்ணாம்பு வெள்ளையில் ஒரு வட்டம் தெரியும், கத்தி அங்கே போகும்போது தடுக்கும். அப்படி வட்டம் தெரிந்தால் இன்னும் ஐந்து நிமிடம் விட்டு, இன்னொரு பெரிய கொட்டையை எடுத்துப் பாருங்கள். அரை கிலோ கொட்டைக்குப் பெரும்பாலும் 30 நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். தண்ணீரை வடித்துவிடுங்கள்.

கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியவில்லை. கடித்துப் பார்த்தால் தெரியுமா?

தெரியும், சொல்லப்போனால் பல்லும் நாக்கும் கண்ணைவிட நல்ல சாட்சி. வேகாத இடம் நறுக்கென்று உடையும், கொஞ்சம் ஈரமாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும், நாக்கில் ஒரு கசப்பும் துவர்ப்பும் நிற்கும். வெந்த இடம் மாவாக இருக்கும், நறுக் சத்தமே வராது. ஒரு கொட்டையில் இரண்டும் கலந்திருந்தால் அது இன்னும் வேகவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சுட்டால் வெடிக்கிறது. எப்படித் தடுப்பது?

புதிய கொட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். வெள்ளைத் தோல் காற்றுக்கூடப் புகாதபடி இறுக்கமாக மூடியிருக்கிறது. சூட்டில் உள்ளே ஆவி சேர்கிறது, போக வழியில்லை, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. கொதிக்கும் ஆவியோடு சூடான துண்டுகளும் தெறிக்கும் என்பதால் முகத்துக்குப் பக்கத்தில் நடந்தால் ஆபத்துதான். ஒவ்வொரு கொட்டையிலும் வெள்ளைத் தோல் முழுதாகக் கிழியும்படி ஒரு கீறல் போட்டுவிடுங்கள், அல்லது ஒரு முனையைச் சீவி விடுங்கள். அவ்வளவுதான், வெடிக்காது.

ஓவனில் என்றால் 200 டிகிரியில் 25 நிமிடம் வாக்கில் ஆகும், பாதியில் ஒருமுறை புரட்டிவிடுங்கள். சுடுவதில் ஏமாறுவதும் எளிது. வெளியே கருகி மணம் வந்துவிடும், உள்ளே பச்சையாக இருக்கும். தீ அதிகமாக இருந்தால் இப்படி நடக்கும். வாணலியில் வறுப்பதானால் மிதமான தீயில் மூடி போட்டு, அடிக்கடி கிளறி, பொறுமையாகச் செய்யுங்கள். அவசரமாக இருந்தால் பாதி வேக்காடு தண்ணீரில் வேக வைத்துவிட்டு அப்புறம் வறுத்தால் இரண்டு பயனும் கிடைக்கும்.

மைக்ரோவேவில் கீறல் போடாமல் ஒரு கொட்டைகூட வைக்காதீர்கள். கீறல் போட்டாலும் அதில் சூடு ஒரே சீராகப் பரவாது. ஒரு கொட்டை கல்லாகக் காய்ந்திருக்கும், பக்கத்துக் கொட்டை வேகாமல் இருக்கும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் பரவாயில்லை, என்றாலும் ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

வெயிலில் காய வைத்தால் அல்லது ஊற வைத்தால் போதாதா?

போதாது. வெயில் தண்ணீரை எடுத்துவிடும், புரதத்தின் மடிப்பைக் குலைக்கும் அளவுக்குச் சூடு தராது. ஊற வைத்தால் தண்ணீரில் கரையக்கூடியவை கொஞ்சம் வெளியேறும், தடுப்பானும் லெக்டினும் பெரும்பகுதி உள்ளேயே இருக்கும். முளை கட்டினாலும் இதே கதைதான்.

கொட்டை மாவு விஷயத்தில் இது முக்கியம். பச்சைக் கொட்டையைக் காய வைத்து அரைத்த மாவும் பச்சை மாவுதான். அதை நன்றாகச் சுட்டோ வேக வைத்தோ செய்யும் எதிலும் சேர்க்கலாம். பாலிலோ பழச்சாற்றிலோ அப்படியே கலக்கிக் குடிக்கக் கூடாது. வீட்டில் அரைப்பவர்களுக்கு நான் சொல்வது: கொட்டையை முதலில் வேக வைத்து, துண்டாக்கி, காய வைத்து, அதன்பிறகு அரையுங்கள். எதில் போட்டாலும் பயமில்லை.

வேக வைத்துத்தான் சாப்பிட்டேன், அப்படியும் வாயு வருகிறதே?

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, சரியாக வேகவில்லை. அடுத்த தடவை பெரிய கொட்டையை வெட்டிப் பாருங்கள். மற்றது, வெந்த கொட்டையிலும் செரிக்காத மாவும் நாரும் மிச்சம் இருக்கிறது. வெந்து ஆறிய மாவுச்சத்தில் ஒரு பகுதி மறுபடியும் இறுகி, செரிக்க முடியாத வடிவத்துக்குப் போகும். ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் குளிரக் குளிரச் சாப்பிட்டால் சிலருக்கு வாயு அதிகமாகத் தெரிவது இதனால்தான். இதில் கெடுதல் எதுவும் இல்லை, குடலுக்கு அது நல்லதும்கூட. வயிறு பழகும் வரை ஒரு வேளைக்கு ஐந்தாறு கொட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சூடாகச் சாப்பிடுங்கள்.

யாராவது தவிர்க்க வேண்டுமா?

சர்க்கரை நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டாம், ஆனால் சோற்றோடு கூடுதலாக இல்லாமல், சோற்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டு சாப்பிட வேண்டும். மாவுச்சத்து மாவுச்சத்துதான். சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். பலாப்பழம் சாப்பிட்டு வாயில் அரிப்போ உதட்டில் வீக்கமோ வந்தவர்களுக்குக் கொட்டையும் வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு முழுக் கொட்டை தரவே கூடாது. வழுக்கிக்கொண்டு தொண்டையில் அடைக்கும் அளவும் வடிவமும் அதற்கு உண்டு. நன்றாக மசித்துக் கொடுங்கள்.

என் பிள்ளை ஒரு பச்சைக் கொட்டையை விழுங்கிவிட்டான். பயப்பட வேண்டுமா?

மூச்சு சீராக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருமல் நிற்காமல் வந்தாலோ, மூச்சு இழுத்தாலோ, எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலோ, கொட்டை தொண்டையிலோ மூச்சுக்குழாயிலோ நிற்கிறது என்று அர்த்தம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அப்படி எதுவும் இல்லாமல் வயிற்றுக்குள் போய்விட்டால் பெரும்பாலும் மலத்தோடு வெளியே வந்துவிடும். மெல்லாமல் விழுங்கிய கொட்டையிலிருந்து உள்ளிருக்கும் புரதங்கள் அதிகம் வெளிவருவதும் இல்லை. அடுத்த சில நாளில் கடுமையான வயிற்று வலியோ, ஓயாத வாந்தியோ, மலத்தில் ரத்தமோ கண்டால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெரியவர்கள் பச்சையாக மென்று தின்று வயிற்றுப்போக்கு வந்தால், தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் குடித்துக்கொண்டு ஒரு நாள் பார்க்கலாம். உடம்பில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் அது ஒவ்வாமை, உடனே சிகிச்சை வேண்டும்.

முளைவிட்ட கொட்டை, புள்ளி விழுந்த கொட்டை, இவற்றைச் சாப்பிடலாமா?

பலாக்கொட்டை நெல் போலக் காய்ந்து தூங்கும் விதை இல்லை. ஈரத்தோடு இருந்தால்தான் உயிர் இருக்கும், ஈரம் இருந்தால் சீக்கிரமே முளைக்கும். சில நேரம் பழத்துக்குள்ளேயே முளைவிட்டிருக்கும். பருப்பு கெட்டியாக, வெள்ளையாக, கெட்ட வாடை இல்லாமல் இருந்தால் முளையைக் கிள்ளிவிட்டு வேக வைத்துச் சாப்பிடலாம். பூஞ்சை படிந்தது, உள்ளே கறுத்தது, மெத்தென்று அழுகியது, ஊசிய வாடை அடிப்பது, இவற்றை வேக வைத்தும் காப்பாற்ற முடியாது. பூஞ்சை உண்டாக்கும் நச்சுகளில் சில கொதிநீரிலும் அழியாதவை. அந்தக் கொட்டையை மட்டும் பொறுக்கி எறியுங்கள்.

வழுவழுப்போடு பையில் கட்டி வைத்தால் இரண்டு மூன்று நாளிலேயே பூஞ்சை வந்துவிடும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, வெள்ளைத் தோலை உரிக்காமல் காற்று போகும் பையில் ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் வரை இருக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வேக வைத்து, உரித்து, ஆறவிட்டு, ஃபிரீசரில் போடுங்கள். வெந்ததை ஃபிரிட்ஜின் சாதாரணத் தட்டில் வைப்பதானால் மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.